சாமி ரேக்கில் மூன்று பெட்டிகள்

திருப்பதியில் தணிகாசலமும் கோவர்த்தனனும் பாதிக்குப் பாதி பங்கு போட்டு நடத்திய லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ரேக்குகளில் மொத்தம் எண்ணூற்று நாற்பது இரும்புப் பெட்டிகள் இருந்தன. கோவர்த்தனன் ஆவணி மாதத்தில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். அவர் மனைவி இந்திராணி பங்கை விட்டுவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன மகன் பவன்குமாரோடு போய் இருப்பதென்று முடிவானது. கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பில் பாதியைத் தணிகாசலம் அவளுக்குக் கொடுக்க வேண்டும். அது எவ்வளவு என்று சொல்லும் வேலை சித்தூர் ஆடிட்டர் மனோரமாவிடம் வந்தது. அவர் தன்னிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் ஜீவரத்தினத்தை அனுப்பினார்.

எல்லாப் பெட்டியையும் எண்ண முடியாது. ஒரு பெட்டியில் நாலு கியர் இருக்கும், அடுத்ததில் ரெண்டாயிரம் நட்டு இருக்கும். ரெண்டு பேர் உட்கார்ந்தாலும் பத்து நாள் ஆகும். புரட்டாசி மாதம், மலைக்குப் போகிற வண்டிகளெல்லாம் ரிப்பேருக்கு வந்து நிற்கிற காலம். பத்து நாள் கடையை மூடினால் விற்பதற்கு வாடிக்கை இருக்காது.

அதனால் மனோரமா அறுபது பெட்டியை மட்டும் எண்ணச் சொன்னார். எந்த அறுபது என்பதை ஜீவரத்தினமும் தேர்ந்தெடுக்கவில்லை, தணிகாசலமும் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசை இல்லாத எண்களாக அச்சடித்த ஒரு புத்தகம் மனோரமாவிடம் இருந்தது. கண்ணை மூடிப் பென்சிலை ஒரு பக்கத்தில் வைத்து, அங்கிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் படித்துக்கொண்டே போனார். எண்ணூற்று நாற்பதுக்கு மேல் வந்ததையும், மூன்று பூஜ்யமாக வந்ததையும், ஏற்கெனவே வந்ததையும் தள்ளினார். அறுபது எண் சேர்ந்ததும் நிறுத்தினார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றதுதானே மேடம்" என்றார் ஜீவரத்தினம்.

"பானையைக் கிளறிட்டு எடுத்தாதான் அது பதம். மேல இருக்கறத எடுத்தா மேல வெந்தது மட்டும்தான் தெரியும். விழுந்த எண்ணத்தான் எண்ணணும், ஜீவரத்தினம். பக்கத்துப் பெட்டி கைக்கு எட்டுதுன்னு அத எண்ணினா, நம்ம கணக்கு கிளறாத பானைதான்."

ஜீவரத்தினத்துக்கு இது தெரியாததா? தலையாட்டிவிட்டு லிஸ்டை மடித்துப் பையில் வைத்தார்.

கடைக்குப் போன நாள் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. தணிகாசலம் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, லிஸ்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது, லாட்டரி நம்பர் மாதிரி கீது? பரிசு யாருக்கு விழும்?"

"யாருக்கும் விழக்கூடாதுன்னுதான் இப்படி எடுக்கறது."

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. பெட்டியைத் திறப்பார், சாமானை எண்ணுவார், வாங்கின பில்லில் விலை பார்ப்பார், எழுதுவார். மத்தியானம் மூன்று மணிக்கு ஐம்பத்தேழு முடிந்தது. மிச்சம் மூன்று: 427, 440, 458.

மூன்றும் ஒரே ரேக்கில் இருந்தன. கடையின் பின்சுவரில், ஏணி போட்டு ஏறுகிற உயரத்தில், 421 முதல் 462 வரை நாற்பத்திரண்டு பெட்டிகள். அவற்றின் முன்னால் பலகையில் பெருமாள் படம். அன்றைக்குப் படத்துக்குத் துளசி மாலை, மாவிளக்கு, பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல் மூடிய தட்டு. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் விளக்கை அணைத்து, படத்தை நகர்த்தி, மாலையைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஜீவரத்தினம் ஏணியில் கைவைத்தபடி நின்றார். கிறிஸ்தவர் அவர், மிஷன் கோவிலில் கமிட்டி மெம்பர். இன்னொருவர் சாமியின் முன்னால் எரிகிற விளக்கை, அதுவும் சனிக்கிழமையில், தன் கையால் அணைப்பதா என்று நினைத்தார். நாலு மணி சித்தூர் பஸ்ஸும் நினைவுக்கு வந்தது. முழங்கால் வலியும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று பின்னால் பலமுறை யோசித்தார்.

அடுத்த ரேக் தரையோடு இருந்தது. 467, 470, 478 மூன்றையும் திறந்து எண்ணினார். வாஷரும் கிளிப்பும் ரப்பர் புஷ்ஷும். மூன்றும் சேர்ந்து ஐயாயிரத்து நானூறு ரூபாய். லிஸ்டில் பழைய எண்களை ரப்பரால் அழித்துப் புதிய எண்களை எழுதினார். தணிகாசலம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"காபி சாப்ட்டுப் போங்க சார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அறுபது பெட்டியிலும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். பெட்டிக்குச் சராசரி இரண்டாயிரத்து நூறு. எண்ணூற்று நாற்பதால் பெருக்கினால் பதினேழு லட்சத்து அறுபத்து நாலாயிரம். மனோரமா மதிப்பு சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பத்திரம் எழுதியாயிற்று. அக்டோபர் பதினாலு, திங்கட்கிழமை, ஆபீசிலேயே கையெழுத்து என்று முடிவானது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை இந்திராணி சித்தூருக்கு வந்தாள். மனோரமா கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஜீவரத்தினம் நாற்காலி போட்டார். அவள் பத்திரத்தின் நகலைப் புரட்டினாள்.

"எனக்குக் கணக்கு புரியாதுண்ணா. அவரு இருந்தா கேப்பாரு. இன்னும் கொஞ்சம் கூட வரும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"சரக்கு வெலை ஏறும் எறங்கும்மா."

"அது சரி. மெட்ராஸ்ல போயி வெளிநாட்டு பேரிங்கு, டீசல் பம்பு நாசிலுன்னு வாங்கியாந்து சாமிக்குப் பின்னாடி வெப்பாரு. இப்பதான் கவர்மெண்ட்டு எறக்குமதிக்குக் கதவத் தொறந்து உட்டுட்டான், எல்லா சரக்கும் வருதும்பாரு. நம்ம சொத்து பெருமாள் முதுகுக்குப் பின்னால கீதுன்னு தமாஷ் பண்ணுவாரு. அதையும் பாத்துட்டீங்க இல்ல?"

ஜீவரத்தினம் தலையாட்டினார்.

வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. தலைதான் தானாக ஆடியது. அவள் நிம்மதியாக எழுந்து, "நீங்க பாத்துட்டா சரிண்ணா" என்று சொல்லி வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள், அக்கா வீட்டுக்கு.

வெள்ளியும் சனியும் ஜீவரத்தினம் அதை யாரிடமும் சொல்லாமல் கழித்தார். ஞாயிறு ஆராதனையில் பாதிரி ஐயர் பாவ அறிக்கை வாசித்தபோது சபையோடு சேர்ந்து சொல்ல ஜீவரத்தினத்தின் நாக்கு புரளவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி கிருபாபாய் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வந்ததும் கேட்டாள்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? மூணு நாளா பேய் புடிச்ச மாதிரி கீறீங்க."

அவர் சொன்னார். அவள் குடையை விரித்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அவங்க சாமிக்கு மரியாதை பண்ணேன்னு சொல்றீங்க. சரி. அப்ப அந்த நம்பர ஏன் அழிச்சீங்க? மரியாதைன்னா பக்கத்துல எழுதி வெச்சிருக்கலாமே, இத எண்ணல, அத எண்ணினேன்னு."

அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே திருப்பதி பஸ் ஏறினார்.

தணிகாசலத்தின் கடை ஞாயிறும் திறந்திருக்கும். ஜீவரத்தினம் ஏணியை எடுத்துப் போட்டார். படத்தைத் தொட்டுக் கும்பிட்டு நகர்த்தச் சொல்லிக் கடைப் பையனைக் கேட்டார், அவன் நகர்த்திக் கொடுத்தான். மூன்று பெட்டியை மட்டும் திறந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பேரிங்குகள், சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் நாசில்கள். கைக்குள் அடங்குகிற சாமான் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேல். எண்ணிய தேதிக்குப் பின் விற்றதை பில் பார்த்துக் கூட்டினார். 427 முப்பத்தோராயிரத்து இருநூறு. 440 இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. 458 முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு.

தொண்ணூற்றைந்தாயிரத்து நானூறு. அதற்குப் பதிலாக அவர் எழுதி வைத்தது ஐயாயிரத்து நானூறு.

கீழே தணிகாசலம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை.

"நான் ஒண்ணும் ஏறாதீங்கன்னு சொல்லல, சார்."

"சொல்லல."

"வெளக்க அணைக்காதீங்கன்னும் சொல்லல. கேட்டிருந்தா நானே அணைச்சிருப்பேன். நீங்களா போனீங்க. ஆடிட்டர் ஆபீசு முடிவு பண்ணத நான் யாரு கேக்கறதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும், இதுல என்ன இருக்குன்னு."

"தெரியும். வித்தவனுக்குத் தெரியாதா? கோவர்த்தனன் என் கூட்டாளி, நான் இல்லேங்கல. ஆனா நானா எதுக்குச் சார் வாயைத் தொறக்கணும்? நாளைக்குக் கையெழுத்து. நீங்க இன்னிக்கு இங்க வரலன்னு வெச்சிக்கலாம். உங்க வேலையும் உங்களுக்கு."

ஜீவரத்தினம் இறங்கி, துண்டில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். வந்ததைக் காட்டுகிற பஸ் டிக்கெட்டை எடுத்து, மூன்று பெட்டியின் மதிப்பை அதன் பின்பக்கம் எழுதி, சட்டைப் பையில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் இந்திராணியும் தணிகாசலமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, மனோரமா பேனாவைத் திறக்கும்போது அவர் சொன்னார். மனோரமாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் தலையாட்டியது மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அதனால் இந்திராணியின் முன்னால் சொன்னார்.

மனோரமா பேனாவை மூடினார். பென்சிலால் போட்டுப் பார்த்தார். மூன்று பெட்டியையும் அதனதன் இடத்தில் வைத்தால் சராசரி மூவாயிரத்து அறுநூறாகிறது, மொத்தம் முப்பது லட்சத்துக்கு மேல் போகிறது.

"இதையும் அப்படியே எழுத மாட்டேன்" என்றார். "மூணு பெட்டி சேந்து எண்ணூத்து நாப்பதையும் இழுத்துக்கினு போகுது. அந்த ரேக்குல மூணுக்குப் பதில் ரெண்டு விழுந்திருந்தா வேற தொகை, அஞ்சு விழுந்திருந்தா வேற தொகை. அவ்வளவு ஆட்டம் இருக்கற ரேக்க மூணு பெட்டிய மட்டும் எண்ணிட்டுச் சொல்லக்கூடாது. சாமி ரேக்கு நாப்பத்திரண்டையும் முழுசா எண்ணுங்க. மீதி எழுநூத்துத் தொண்ணூத்தெட்டுக்கு ஏற்கெனவே எண்ணின அம்பத்தேழு போதும்." பிறகு ஜீவரத்தினத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என் சர்ட்டிபிகேட்டை வாபஸ் வாங்கறேன்."

தணிகாசலம், "கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி வந்துச்சே, அதுக்கு நான் நன்றி சொல்லணுமா, அழுவணுமா தெரியல" என்று சொல்லி எழுந்தார். மறுக்கவில்லை.

இந்திராணி எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்குக் கேட்டேனே, தலையாட்டினீங்களே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மேடம், அந்த அம்பத்தேழு போதும்னு சொல்றீங்க. அத எண்ணினது யாரு?"

ஜீவரத்தினம்தான் சொன்னார்.

"நான்தாம்மா."

"அப்ப அதையும் திரும்ப எண்ணுங்க. நான் வந்து ஒக்காந்துக்கறேன்."

புதன்கிழமை கடையில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். சாமி ரேக்கு நாற்பத்திரண்டு பெட்டிக்கும் அன்று சாயந்திரம் வரை ஆயிற்று. பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து அறுநூறு. வியாழக்கிழமை பழைய ஐம்பத்தேழு. ஒவ்வொரு பெட்டியையும் அவர் தரையில் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கி, அவள் பார்க்கும்படி எண்ணினார். இடையில் விற்றதற்கும் வாங்கினதற்கும் பில்லைக் காட்டினார். அவள் ஒரு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். பழைய தாளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு பெட்டிகூட மாறவில்லை. ஐம்பத்தேழுக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரத்து அறுநூறு. அந்தச் சராசரியில் எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் பதினாறு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து நானூறு. சாமி ரேக்கையும் சேர்த்தால் இருபத்தொன்பது லட்சத்து எண்பதாயிரம். அவள் பங்கு, முன்னால் எழுதியதைவிட ஆறு லட்சத்து எட்டாயிரம் அதிகம்.

கடைசிப் பெட்டி முடிந்ததும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் சொல்வாள் என அவர் எதிர்பார்த்தார். ஐம்பத்தேழையும் அவர் யோக்கியமாகத்தான் எண்ணியிருந்தார், அதை அவளே இப்போது கண்டுவிட்டாள்.

அவள் நோட்டை மூடினாள்.

"பெட்டிய எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைத் தானே எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டுப் போனாள். ஜீவரத்தினம் குனிந்து நட்டுகளை அள்ளிப் போட ஆரம்பித்தார்.