தண்ணீர் போக ஒரு ஓட்டை

இந்தக் காலத்து ஆட்களுக்கு செல்போன் சொன்னால்தான் எதுவும் உண்மை. நாற்பது வருஷம் மீன் விற்றவன் எதிரிலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மீனைக் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது என்று என் வீட்டுக்காரி செல்போனைக் கேட்கிறாள்.

வெளிநாட்டில் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்; பார்க்கப் போகிறோம். "அப்பா பாத்து எடுத்த வஞ்சிரம்தான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். மருமகனோ, "எதுக்கு மாமா சிரமம்? மீன் கொண்டுவரலாம், இறங்கினதும் அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டாப் போதும். ஆனா பதினாறு மணி நேரத்துல நாறிடுமே" என்றார். என் மீன் நாறுமாம்! அது கெட்டுப் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டில் நான் வாயே திறக்க முடியாது.

வீட்டுக்காரி செல்போன் சொன்னபடி, நான் எடுத்துத் தந்த மீன் துண்டுகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பைகளில் தட்டையாக அடுக்கி, காற்றைப் பிதுக்கி எடுத்து, மூன்று நாள் ஃப்ரீசரில் போட்டாள். கிளம்பும் நாளில் அத்தனையும் தெர்மகோல் பெட்டிக்குள் போயிற்று. இடுக்கில் எல்லாம் செய்தித்தாள். மூடியைச் சுற்றி டேப். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் பை. பிறகு சூட்கேஸ்.

"ஐஸ் எங்கடி?"

"ஐஸ் வேணாம். மீனே ஐஸைவிடச் சில்லுனு இருக்கு."

ஐஸ் இல்லாமல் மீனா? அவள் குளிக்கப் போனதும், சந்தைக் கூட்டாளியிடம் வாங்கி ஒளித்து வைத்திருந்த இரண்டு கிலோ பொடி ஐஸை எடுத்தேன். டேப்பைப் பிரித்தேன். செய்தித்தாளை உருவி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஐஸைத் திணித்தேன். உருகிய தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, மீன் பெட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து பெட்டிக்கும் பைக்கும் சேர்த்து ஒரே குத்து. மறுபடி ஒட்டிப் பூட்டிவிட்டேன். மனசு நிம்மதியானது.

விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் டாக்ஸி, நல்ல வெயில். கவுன்டரில் சூட்கேஸைத் தூக்கி வைத்ததும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, பெட்டி ஒழுகுது."

"ஒழுகணும்மா. ஒழுகலேன்னாதான் மீன் கெடும்."

பின்னால் வரிசையில் ஒருத்தன், "பெருசு கடலையே கொண்டுவந்துட்டார்போல" என்றான். சிரித்தார்கள்.

"ஒழுகுற பெட்டிய ஏத்த மாட்டோம்யா. மத்தவங்க பெட்டியெல்லாம் நனைஞ்சுடும். உள்ள என்ன?"

"மீனும் ஐஸும்."

"ஐஸா?" என்றது அந்தப் பெண் இல்லை. என் வீட்டுக்காரி. நாற்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அந்தக் குரலை மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன்.

"இன்னும் நாப்பது நிமிஷத்துல கவுன்டர் மூடிடுவோம்மா. ஐஸை எடுத்துட்டு, ஒழுகாமக் கட்டிக் கொண்டாங்க" என்று ஒரு டேப் சுருளையும் பெரிய பிளாஸ்டிக் பையையும் நீட்டினாள் அந்தப் பெண்.

ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. மீதியைக் கையால் வழித்து, தரை துடைப்பவர் கொடுத்த வாளியில் போட்டேன். விரல் மரத்துப்போனது. மீன் பைகளைத் தட்டிப் பார்த்தேன்; செங்கல் மாதிரி இருந்தன. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்காரி எல்லாவற்றையும் துடைத்தாள். ஓட்டையை உள்ளேயும் வெளியேயும் டேப்பால் அடைத்தாள்.

"செய்தித்தாள் எங்க?"

"வீட்டுல."

"அப்ப காலி இடத்த எதை வச்சு அடைக்கறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் பையைத் திறந்தாள். என் நான்கு சட்டை, துண்டு, புது ஸ்வெட்டர் எல்லாம் மீனுக்குப் போர்வையாகின.

"ஏய், அங்க குளுருமே!"

"குளுரட்டும். கெட்டுப் போகாம இருப்பீங்க."

சூட்கேஸைச் சாய்த்து, குலுக்கி, சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பெண் அதில் விமான அடையாள அட்டையைக் கட்டினாள்.

பதினாறு மணி நேரம் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இறங்கியதும் அதிகாரியிடம் மீன் என்று சொன்னோம். பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். மருமகன் வீட்டுச் சமையல் மேடையில் பெட்டி திறந்தது. சூட்கேஸில் ஈரமே இல்லை. மருமகன் ஒரு பையை எடுத்து மேடையில் தட்டினார். டக் டக் என்றது.

"மாமா, கல்லு மாதிரி இருக்கு! எப்படி?"

"கேளுங்க உங்க மாமாவை" என்றாள் வீட்டுக்காரி.

"முதல்ல ஐஸ் இருந்துச்சுல்ல? அந்த ரெண்டு மணி நேரக் குளிர்தான் தாங்கிச்சு" என்றேன்.

அம்மாவிடம் ஏற்கெனவே கதை முழுக்கக் கேட்டிருந்த மகள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா, ஓட்டை போட்டது?"

"ஓட்டை போட்டதாலதான் தண்ணி நிக்கல."

வீட்டுக்காரி என் ஸ்வெட்டரை உதறி நீட்டினாள். விறைத்துப்போய், போடுவதற்கு ஆள் இல்லாமலே கை இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றது. மருமகனுடையதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் போனேன். ஐஸ் இல்லாமல் மீனாம். விமானத்தில் யாரோ தொழில் தெரிந்தவன் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறான். இதுகளுக்குச் சொன்னால் புரியாது.