மூடிக்கு அடியில்

கொதித்த பால் திரிந்துபோனது. ஆவி நிறைந்த சமையல்கூடத்தில் மேகத்துக்குள் நிற்பதுபோல் நின்றார் இனிப்புக் கடைக்காரர். வந்த மூன்று கேன்களில் ஒன்றுதான் இப்படி. திருப்பி அனுப்பும் கேனோடு காரணம் எழுதிய கடிதமும் போக வேண்டும். பால்காரன் அவர் மனைவியின் தம்பி. கலப்படம் என்று எழுதி, அது ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவனிடம் யாரும் பால் வாங்கமாட்டார்கள்.

"உங்க மச்சான் சோடா மாவு கலந்துட்டாரு முதலாளி," என்றார் மாஸ்டர்.

"சோடா போட்டா பால் திரியாதே! அதுக்குத்தானே திருட்டுத்தனமா போடுறாங்க?"

"அப்போ போடாம விட்டதுதான் தப்புங்கிறீங்க!"

கடைக்காரர் சிரித்தபடி கேனின் மூடியைப் புரட்டினார். உள்ளிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. பழைய பால் வளையத்துக்கு அடியில் மஞ்சளாக அப்பிக் கிடந்தது. விடியலில் மச்சான் பாதித் தூக்கத்தோடு கேன் கழுவும் காட்சி ஆவிக்குள் அவர் கண்முன் மிதந்து வந்தது.

மெதுவாக எழுதினார்: "மச்சான், ஒரு கேன் பால் காய்ச்சியதும் திரிந்துவிட்டது. அதனால் திருப்பி அனுப்புகிறேன். பாலில் கலப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சுடுநீரில் கழுவு. நாளைக்கும் மூன்று கேன் அனுப்பு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "தூங்குமூஞ்சின்னு ஒரு வரி சேர்த்துருக்கலாம்ல?"

"அதை அக்காக்காரி நீ சொல்லு."

அவள் கடிதத்தை மடித்துக் கேனின் கைப்பிடியில் கட்டினாள். கழற்றிய வளையத்தையும் அதோடு சேர்த்துக் கட்டினாள்.