நாலாம் பக்கம்

குணாளன் ஜெர்மனியிலிருந்து எழுதிய கடிதம் தலை அலோர் ஸ்டாரிலும் வால் பாடாங் பெசாரிலுமாக நிற்கும் ரயில் போல இருந்தது. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவன் சொல்கிறேன், நீளம் எனக்குத் தெரியும். அவனுடைய வேலைத்தோழன் ஒருவன் விடுமுறைக்கு ஊர் வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தான். முதல் வரியே இப்படி: "அன்புள்ள மருமகன் புவனேசனுக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படிக்காமல் விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன்."

குணாளன் என் தம்பி பெண்டாட்டியின் அண்ணன்; தம்பி மகன் புவனேசனுக்குத் தாய்மாமன். இங்கே கூலிமில் சிப் தொழிற்சாலையில் இருந்தான். கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. அவன் மகள் ஷாமளா மெர்கோங் வீட்டில் தாயோடு இருந்து பொலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறாள். கடைசி வருடப் படம், மூன்று நிமிடம். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய லேப்டாப் செத்துப்போனது. படம் மட்டும் தனி டிஸ்கில் பிழைத்திருந்தது. அதை முடிக்க நல்ல கிராஃபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப் வேண்டும். புதிது வாங்க வழியில்லை. மகளின் லேப்டாப் எப்படியும் போகும், பழையது வாங்கினால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று குணாளன் முன்கூட்டியே எழுதிய கடிதம் சரியான நேரத்தில்தான் வந்து இறங்கியது.

ஷாமளா தூங்கும் அழகு உலகமே அறியும். மெத்தைமேல் லேப்டாப், தலைமாட்டில் சார்ஜர், அதன்மேல் போர்வை. இதையும் கடிதத்தில் திட்டியிருந்தான் அப்பன்.

விளம்பரத்தில் பிடித்த லேப்டாப்பை விற்பவன் பெயர் ஃபிரோஸ். பாலிங்கிலிருந்து வந்தான். மெர்கோங்கில் ஹனீபா பாயின் சாப்பாட்டுக் கடையில் திங்கட்கிழமை சந்திப்பு. ரோட்டோரத்தில் வாங்காதே, பிளக் பாயிண்ட் உள்ள இடத்தில் உட்கார் என்று குணாளன் எழுதியிருந்ததால் புவனேசன் தேர்ந்தெடுத்த இடம். நான் அழைக்கப்படவில்லை. ஆனாலும் போனேன். இவ்வளவு பெரிய காரியம் நான் இல்லாததால் கெட்டுவிடக்கூடாதே.

புவனேசன் தாள்களை மேசையில் பரப்பி, லேப்டாப்பின் அடியை முதலில் தொட்டுப் பார்த்தான்.

"என்ன அண்ணே, காய்ச்சல் பாக்குறீங்களா?" என்றான் ஃபிரோஸ்.

"ஜில்லுனு இருக்கணுமாம். முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா கோளாறு தெரியாதாம்."

ஜில்லென்றுதான் இருந்தது. அடியில் ஒட்டியிருந்த எண்ணும் திறந்ததும் உள்ளே காட்டிய எண்ணும் ரசீதில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. விளம்பரத்தில் சொன்ன கிராஃபிக்ஸ் சிப்தான் உள்ளேயும். ஃபிரோஸின் கணக்கை நீக்கி மெஷினை முழுக்கத் துடைத்துத் தர முடியுமா என்று கேட்டான், ஃபிரோஸ் முடியும் என்றான். சார்ஜர் கம்பெனிச் சார்ஜரா, வாட் எவ்வளவு என்று புவனேசன் தலைகீழாகப் பிடித்துப் படித்தான். சின்னச் சார்ஜர் கொடுத்தால் மெஷின் வேகம் குறைந்துவிடும் என்று இரண்டாம் பக்கம் சொன்னது.

"உங்க மாமா போலீஸா?" என்றான் ஃபிரோஸ்.

"போலீஸ் இவ்ளோ கேட்காதுலா," என்றேன் நான்.

பிறகு அரை மணி நேரம் கேம் ஓடவேண்டும் என்பது மூன்றாம் பக்கம். ஐந்து நிமிடம் எல்லா மெஷினும் நல்ல பிள்ளை; சூடேறிய பிறகுதான் குணம் தெரியும். அந்த ஃபேன் கிளம்பியபோது ஹனீபா பாய் கடையின் ரொட்டி மாவு கூரைவரை பறந்தது. சரி, பறக்கவில்லை. ஆனால் சத்தம் அப்படி. ஃபிரோஸ் மவுஸைத் தட்டித் தட்டி யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

"டச்பேட் இல்லையா?" என்றான் புவனேசன்.

"இருக்கு. கொஞ்சம் கிளிக் ஆகாது. மவுஸ் ஃப்ரீயா தர்றேன்."

அப்போதுதான் மேசையும் மேலே இருந்த லேப்டாப்பும் ஆடின. ஹனீபா பாய் கடை மேசைகள் எல்லாமே ஆடும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆடுகின்றன. தே தாரேக் டீ சாசரில் வழிந்தது. நான் உதவிக்குப் பிறந்தவன். கைக்குக் கிடைத்த தாளை நாலாய் மடித்து மேசைக்காலின் அடியில் சொருகினேன். டீ வழிவது நின்றது.

அரை மணி முடிந்தது. சிப்பின் சூடு எண்பது டிகிரிக்குக் கீழேயே நின்றது. படம் தடுமாறவில்லை. வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. ஷாமளா வீடியோவில் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மச்சான், ஓகேவா? இப்ப கிடைச்சாதான் வெள்ளிக்குள்ள முடியும். ப்ளீஸ்லா."

"முடிஞ்சிருச்சு. நாலாம் பக்கம் மட்டும் பாக்கி." புவனேசன் தாள்களைப் புரட்டினான். மூன்று. மறுபடி புரட்டினான். மூன்றே. "பெரியப்பா, நாலாவது எங்க?"

நான் கடையின் உத்தரத்தைப் பார்த்தேன்.

"பெரியப்பா."

குனிந்து உருவினேன். மேசைக்கால் நடுவில் ஓட்டை போடாத குறை. அவன் விரித்து வாசித்தான். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

"எல்லாம் சரியாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. லேப்டாப்பை மூடி, சமமான தரையில் வை. மூலையைத் தொட்டால் ஆடுகிறதா பார். டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அமுங்காமல் இருக்கிறதா பார். அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது, எந்நேரமும் தீப்பிடிக்கலாம். அழுத்தாதே. சார்ஜ் போடாதே. பேரம் பேசாதே. என் பிள்ளை அதை மெத்தையில் வைத்துத் தூங்குவாள்."

புவனேசன் பிளக்கைப் பிடுங்கினான். மூடி, தரை டைல்ஸில் மெதுவாக இறக்கினான். ஒரு விரலால் மூலையைத் தொட்டான்.

ஆடியது.

ஆட்டத்துக்கு மேசைதான் குற்றவாளி என்று நான் தீர்ப்பு எழுதியிருந்தேன். இப்போது மேசை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இல்லண்ணே, ரப்பர் கால் தேஞ்சிருக்கும்," என்றான் ஃபிரோஸ். புவனேசன் அதைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினான். அடித்தகடு நடுவில் தொப்பை போட்டிருந்தது. ஃபிரோஸின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இதில் நான் ஒரு துளிகூடக் கூட்டவில்லை.

"தினமும் கட்டிலுக்குப் பக்கத்துல சார்ஜ் போடுவேன். என் வீட்டுக்காரி ஸல்மா அங்கதான் குழந்தைய படுக்கப் போடுவா," என்றான்.

போனில் ஷாமளா. "என்ன ஆச்சு? பேட்டரியதான மாத்தணும்? வாங்கிருங்க மச்சான். சார்ஜர்லயே ஓட்டுறேன். நாலு நாள்தான்."

புவனேசன் என்னைப் பார்த்தான். நான் விரல்விட்டு எண்ணினேன். நாலு நாள். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, இந்தத் தொப்பையோடு அவள் கட்டிலில்.

"வேணாம்," என்றான்.

"மூணு வருஷம் மச்சான். இதுக்குத்தான் படிச்சேன்."

"தெரியும். வேணாம்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஃபிரோஸை மோட்டார் சைக்கிளில் அந்த லேப்டாப்போடு அனுப்ப மனமில்லை. இரண்டு தெரு தள்ளி காளிதாசனின் ரிப்பேர் கடைக்கு நடந்தே போனோம். புவனேசன் அதை இரண்டு கையிலும் பச்சைக்குழந்தை போல ஏந்திப் போனான். காளிதாசன் திருகுகளைக் கழற்றி அடித்தகட்டை எடுத்ததும் பேட்டரி தலையணை போல எழும்பி நின்றது. "புது பேட்டரி வர ரெண்டு வாரம் ஆகும்," என்றான். ஃபிரோஸ் அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினான். புவனேசன் ஷாமளாவுக்கு அனுப்பினான். பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

நாலு நாளும் அவள் பொலிடெக்னிக் லேபில் வரிசையில் நின்றாள். அங்கே கிடைத்த மெஷின் நேரத்தில் ஒன்றே முக்கால் நிமிடம்தான் முடிந்தது. அதையே ஒப்படைத்தாள். மார்க் இன்னும் வரவில்லை. எங்களிடம் பேச்சும் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை குணாளன் கூப்பிட்டான். புவனேசன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, நாலாம் பக்கம் படிச்சியா?"

மேசைக்கால் முத்திரையோடு, டீக்கறையோடு அந்தத் தாள் எங்கள் நடுவில் கிடந்தது. புவனேசன் என்னைப் பார்த்தான்.

"மொதல்ல அதைத்தான் படிச்சோம், மாமா," என்றான்.