பாய்லருக்குள்ளே போனது யார்

திருவொற்றியூர் ஹாக்ஸ்லி எண்ணெய் ஆலையில் துரை இங்கிலீஷில் எழுதுவதைத் தமிழாக்குகிற வேலை தேவப்பிரியத்துக்கு. ஊர் நாசரேத் பக்கம். வயது இருபத்தெட்டு, கையெழுத்து முத்து, பயந்த சுபாவம். பயந்த சுபாவத்தை ஆபீசில் அடக்கம் என்று சொன்னார்கள், அதனாலேயே வேலையும் நிலைத்தது.

ஆலையில் நானூறு பேர், அதில் படிக்கத் தெரிந்தவர் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆகவே நோட்டீசைக் கதவில் ஒட்டிவிட்டால் போதாது. மொழிபெயர்த்தவனே காலையில் ஆலைக் கேட் அருகே எடைமேடை மேல் ஏறி நின்று, எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவன் ஒருநாளும் அந்த மேடையில் ஏறியிருக்க மாட்டான்.

1931ஆம் வருஷம் மாசி மாதம் இரண்டாம் நம்பர் பாய்லரில் தகடு புடைத்து, ஒரு இணைப்பு விட்டுப்போய், நீராவி கொட்டியது. பாய்லருக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஸ்டானிஸ்லாஸ் இடுப்புவரை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். துரை அன்றே ஆலையை நிறுத்தி, பாய்லர் கொட்டகையைப் பூட்டி, ஃபயர்மேன்களை அந்தப் பக்கம் விடவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, நோட்டீஸ் வந்தது. நாலே வரி. பாய்லரை நாம் முழுக்கப் பரிசோதித்து நல்ல நிலையில் இருக்கக் கண்டோம், திங்கள் காலை ஆறு மணிக்கு நாம் நெருப்பு மூட்டுவோம், ஒவ்வொருவரும் தம் இடத்தில் இருப்பார் என நாம் நம்புகிறோம் என்று. நான் இங்கே 'நாம்' என்று சும்மா சொல்கிறேன். இங்கிலீஷில் அது மூன்று இடத்திலும் 'வீ'. அந்த 'வீ'க்குள் யார் யார் என்று இங்கிலீஷ் கேட்பதே இல்லை.

தமிழ் கேட்கும். எதிரே நிற்பவனையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவனை விட்டுவிட்டால் நாங்கள். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஹாக்ஸ்லி ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர், துரை என்பவர் தன்னையே 'நாம்' என்று சொல்லிக்கொள்கிற ஜமீன்தாரைப்போல என்று நினைத்து, 'வீ' வந்த இடமெல்லாம் நாம் என்று போட்டு ஒரு காப்பி நோட்டே எழுதிவைத்துப் போய்விட்டார். ஹெட் கிளார்க் சுப்பராயன் சிவப்புப் பென்சிலோடு இங்கிலீஷில் எத்தனை 'வீ' என்று எண்ணுவார், தமிழில் எத்தனை 'நாம்' என்று எண்ணுவார், கணக்கு ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போடுவார். போன வருஷம் ஞாயிற்றுக்கிழமையும் ஆலையை நடத்துவதென 'நாம் தீர்மானித்திருக்கிறோம்' என்று தேவப்பிரியம் வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், 'நாம்ப எப்போ மாமு தீர்மானிச்சோம்?' என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். தேவப்பிரியமும் சிரித்தான். அது ஞாயிற்றுக்கிழமை விஷயம், யாரும் சாகிற விஷயம் இல்லை.

இந்தத் தடவை முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பாய்லரை நாம் பரிசோதித்தோம் என்று வாசித்தால், கேட்கிற ஃபயர்மேன் தன் ஆள் ஒருவனும் உள்ளே புகுந்து பார்த்திருக்கிறான் என்றுதான் நினைப்பான். ஃபயர்மேன்கள் ஆறு பேரும் கொட்டகைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், அதனால் நம்மில் யாரோ ஒருவனைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவனும் மற்றவனை எண்ணிக்கொள்வான். நாங்கள் என்று போட்டால், யார் அந்த நாங்கள் என்று கேட்பான். தேவப்பிரியம் குடியிருந்த காலடிப்பேட்டை வரிசை வீட்டில் அடுத்த வாசல் ஃபயர்மேன் ஜெயவேலுடையது. திங்கள் காலை ஆறு மணிக்கு அந்த நெருப்புக் கதவின் முன்னால் நிற்கப்போகிறவன் ஜெயவேல்தான்.

தப்பிக்க வழி உண்டா என்று பார்த்தான். இரண்டுமே போடாமல் வெறுமனே 'பரிசோதித்தோம்' என்று எழுதினான். வினை இரண்டுக்கும் பொதுதானே. சுப்பராயன் ஒரு 'நாம்' குறைகிறது என்று சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். 'பாய்லர் பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதினான். அதுவும் திரும்பியது. 'கம்பெனியார்' என்று போட்டுப் பார்த்தான். துரை குடும்பத் தலைவர்போலப் பேசுகிறார், நீ கோர்ட்டு வக்கீல்போல எழுதுகிறாய் என்று சுப்பராயன் எரிந்துவிழுந்தார். கணக்கு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் தேவப்பிரியம் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தான். துரை அறைக் கதவைத் தட்டினான். தமிழில் இரண்டு சொல் உண்டு, கேட்கிற ஆட்களைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, ஆகவே பாய்லருக்குள் போய்ப் பார்த்தவர்கள் யார் யார் என்று தெரிந்தால் சரியான சொல்லைப் போடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். துரை முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்தது. ஃபோர்மேன் பாஸ்கல் வெளியிலிருந்து பார்த்தார், அது போதும் என்றார். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வர இன்னும் எத்தனை நாளோ, துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, ஆட்களை உள்ளே கொண்டுவருகிற சொல் எதுவோ அதைப் போடு என்றார்.

தேவப்பிரியம் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருவரும் உள்ளே போகவில்லை. இப்போது இது துரைக்கும் பாஸ்கலுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அழாத குறையாக நினைத்தான். மனைவி தங்கபுஷ்பத்துக்கு இது ஏழாம் மாசம். வேலை போனால் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான், ஊரில் காத்திருப்பது ஒன்றும் இல்லை. மூன்று 'வீ'க்கு மூன்று 'நாம்' எழுதிக் கொடுத்தான். சுப்பராயன் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் அவன் காதில் ஏறவில்லை. சாயங்காலம் ஜெயவேல் வாசலில் வந்து நின்றான். கறுத்த முழங்கையில் பழைய நெருப்புத் தழும்புகள். உள்ளே வரச்சொன்னாலும் வரமாட்டான், ரைட்டர் வீடு என்று ஒரு மரியாதை. பெண்டாட்டி கெங்கம்மா போகாதே என்று அழுகிறாளாம், ஸ்டானிஸ்லாஸைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"நோட்டீசு வர்து, ரைட்டரே படிப்பாருன்னு சொல்லிட்டு வந்துகீறேன். நீ படிச்சா எனக்குப் போதும்," என்றான்.

நாளைக்கு வாசிக்கிறேன் என்று மட்டும் தேவப்பிரியம் சொன்னான். அவன் போனபின் தங்கபுஷ்பம் ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டாள். வெக்கை என்றான். மாசி மாசத்தில் என்ன வெக்கை என்று அவள் கேட்கவில்லை.

திங்கள் விடியும்போது கடல்காற்று எண்ணெய்ப் புண்ணாக்கு வாசனையோடு வந்தது. கேட்டில் கூட்டம். தேவப்பிரியம் எடைமேடையில் ஏறினான். மேடை அவன் கனத்துக்கு லேசாக ஆடி நின்றது. பின்னால் சுப்பராயன் நிற்பது தெரிந்தது, அவர் கையில் நகல். முன்வரிசையில் ஃபயர்மேன்கள் ஆறு பேர், நடுவில் ஜெயவேல், தலையில் துண்டு கட்டி வேலைக்குத் தயாராக. அவன் தன்னை நம்பிப் பார்க்கிற பார்வையைத் தேவப்பிரியத்தால் தாங்க முடியவில்லை.

காகிதத்தில் இருந்தது நாம். வாயில் வந்தது வேறு.

"இரண்டாம் நம்பர் பாய்லரை நாங்கள் முழுக்கப் பரிசோதித்து, நல்ல நிலையில் இருக்கக் கண்டோம்."

சுப்பராயன் இருமினார். கூட்டம் அசையவில்லை. தேவப்பிரியம், இதோடு நிறுத்திக்கொண்டால் போதும், மற்ற இரண்டையும் உள்ளபடி வாசித்துவிட்டு இறங்கிவிடலாம், வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டே, "திங்கள் காலை ஆறு மணிக்கு நாங்கள் நெருப்பு மூட்டுவோம்," என்று வாசித்தான்.

முன்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு, அப்போ துரையே வந்து கரி அள்ளிப் போடட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்றான். ஜெயவேல் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்தான். அவன் இவ்வளவு பேர் முன்னால் இப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"நாங்கோன்றியே ரைட்டரே. அந்த நாங்கோவுல நீ கீறியா?"

இதைத் தேவப்பிரியம் எதிர்பார்க்கவே இல்லை. அவர்களைத் துரையின் பொய்யிலிருந்து வெளியே விடத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தான். ஆனால் நாங்கள் என்றால் சொல்கிறவன் உள்ளே இருக்கிறான். பரிசோதித்தவர்களில் தானும் ஒருவன் என்று நானூறு பேர் முன்னால் சத்தம்போட்டுச் சொல்லியிருக்கிறான். ஆம் என்றால் ஜெயவேல் போவான். ரைட்டர் பார்த்திருக்கிறார் என்று போவான். சுப்பராயன் பின்னாலிருந்து, மேலே படி, மேலே படி என்று முணுமுணுத்தார்.

தேவப்பிரியம் எடைமேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல ஜெயவேலு. நான் பாக்கல," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "ஒருத்தரும் உள்ள போகல. மூடியவே திறக்கல."

அதற்குப்பின் நடந்தது அவனுக்குத் தெளிவாக நினைவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை என்பது நினைவிருந்தது. ஃபயர்மேன்கள் ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார்கள், பிறகு மற்றவர்களும். அன்றைக்கும் ஆலைச் சங்கு ஊதவில்லை, ஊத நீராவி இல்லை. சுப்பராயன் அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, வாயால் படித்ததையும் எழுதியதையும் ஒப்பிட்டு மூன்றில் இரண்டு தப்பு என்றார். ஏழு மணிக்கெல்லாம் அவனுக்கு வேலை இல்லை.

மூன்று நாள் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருவேளை பாய்லர் உண்மையிலேயே நன்றாக இருந்தால்? நானூறு வீட்டு அடுப்பை அணைத்தவன் என்று பேர் வருமே. அடுத்த வாசலில் கெங்கம்மா குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டான். தங்கபுஷ்பம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தாள்.

வியாழக்கிழமை சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ எழுதிப்போட்டிருக்கிறார்கள், பாஸ்கல் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். மூடியைத் திறந்து உள்ளே இறங்கும்போது விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார், ஜெயவேல் போனான். கேட்டுக்கு வெளியே கூட்டத்தின் ஓரத்தில் தேவப்பிரியம் நின்றான். எவர் கண்ணிலும் படாமல் நிற்கப் பார்த்தான். உள்ளேயிருந்து சுத்தியல் தட்டுகிற சத்தம் வந்தது. டங், டங் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்து ஜெயவேல் வெளியே வந்தான், தலைமுதல் கால்வரை துரு. கூட்டம் வழிவிட்டது. அவன் யாரையும் பார்க்காமல் ஓரத்துக்கு வந்தான். தேவப்பிரியம் ஒரு அடி பின்வாங்கினான், அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தான்.

ஜெயவேல் அவன் தோளைப் பிடித்தான். இவ்வளவு நாளில் அவனை ஒருநாளும் தொட்டதில்லை, ரைட்டரே என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

"சுத்தி பட்ட எடத்துல தகடு அப்பளமா நொறுங்கிச்சு," என்றான். "நாம்ப பொழச்சோம் நைனா."

தேவப்பிரியம் பாய்லர் பக்கம் போகிறவனே அல்ல. இருந்தாலும் ஜெயவேல் சொன்ன சொல்லைத் திருத்தத் தோன்றவில்லை. மண்ணில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.