பொருந்திய அஞ்சல் எண்

அமெரிக்காவின் துலூத் நகரில், ஏரிக்கு மேலே உள்ள சரிவில், நீராவிக் குளியலறைக்கான அடுப்பு, கல், வாளி போன்ற சாமான்களை இணையத்தில் விற்கும் கடையில் எனக்கு வேலை. கட்டணம் கட்டும் இடத்தில் சிக்கிக்கொண்ட ஆர்டர்கள் என் மேசைக்கு வரும். பதினோரு வருடமாக அந்நியர்களின் வீட்டு எண்களோடு குடித்தனம் நடத்துகிறேன்.

அன்று காலை முதல் அழைப்பு ஹிப்பிங்கிலிருந்து, லிண்ட்குவிஸ்ட் என்ற கிழவர்.

"ஏம்மா, என் கார்டுல பணம் இல்லையாமா? இருக்கே, வண்டி வண்டியா இருக்கு!"

"பணமெல்லாம் இருக்குங்க. சமீபத்துல வீடு மாறினீங்களா?"

"பொண்ணு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கும் அடுப்புக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க டைப் பண்ணின முகவரியில வீட்டு நம்பரையும் அஞ்சல் எண்ணையும் மட்டும் உங்க பேங்குக்கு அனுப்புவோம். அவங்க தங்கள்ட்ட இருக்கிறதோட ஒத்துப்பாத்து, பொருந்துது பொருந்தலைன்னு ஒரு எழுத்து அனுப்புவாங்க. பேங்க்ல இன்னும் பழைய வீடுதான் இருக்கு."

"தெருப் பேரு, என் பேரு?"

"அதெல்லாம் இதுல பாக்கமாட்டாங்க. எண்கள் மட்டும்தான்."

"அட, அப்ப பேருக்கு மதிப்பே இல்லையா! காசு வேற பிடிச்சிட்டாங்களே."

"பிடிக்கலை, ஒதுக்கி வச்சிருக்காங்க. பேங்க் சரின்னுதான் சொல்லிச்சு. ரெண்டும் பொருந்தலைன்னதும் வேணாம்னது நாங்க. ரெண்டு மூணு நாள்ல தானா விடுபட்டுரும். பில் முகவரியில பழைய வீட்டைப் போடுங்க, பொருளைப் பொண்ணு வீட்டுக்கே அனுப்பறேன்."

எதிர் மேசை பெவர்லி சிரித்தாள். "நீ பேசறதைக் கேட்டா பேங்க்காரன் உனக்கு மாமன் மச்சான்னு நினைப்பாங்க."

மதியத்துக்கு முன் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. எங்கள் கல்யாண நாளுக்கு டுவைட்டுக்கு ஒரு தேவதாரு வாளி வாங்க நினைத்திருந்தேன். ஊழியர் சலுகை வேண்டுமானால் எல்லோரையும்போல இணையதளத்தில்தான் வாங்க வேண்டும் என்பது முதலாளியின் விதி. கார்டு டுவைட்டின் கணக்கு. அதில் என் பெயரிலும் ஒரு கார்டு உண்டு, அவ்வளவுதான். எங்கள் வீட்டு எண் 2217, அஞ்சல் எண் 55803. இருபது வருடமாகக் கை தானாக அடிக்கும் எண்கள்.

ஏற்க முடியவில்லை என்று வந்தது.

மற்றவர்களாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். நான் கடையின் கணினிக்குள் போய் வங்கி அனுப்பிய எழுத்தைப் பார்க்கலாம். பார்த்தேன். N. வீட்டு எண்ணும் பொருந்தவில்லை, அஞ்சல் எண்ணும் பொருந்தவில்லை.

விரல் வழுக்கியிருக்கும் என்று மறுபடி, ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். N.

வங்கிக்குப் போன் செய்தேன். இளம்பெண் ஒருத்தி பேசினாள். "கணக்குல இருக்கிற முகவரி வேறங்க. அது என்னன்னு கணக்குக்காரர்ட்ட மட்டும்தான் சொல்ல முடியும். உங்க பேர்ல இருக்கிறது துணைக் கார்டுதானே?"

"எப்ப மாத்தினாங்க?"

"மன்னிச்சிருங்க."

அவள் உண்மையாகவே வருந்தியதுபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப்போல எத்தனை பேரிடம் இப்படி மன்னிப்புக் கேட்டிருப்பாள்?

பில் வீட்டுக்கு வந்து எத்தனை நாளாயிற்று? யோசித்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் அந்த உறையைப் பார்த்த நினைவில்லை. பார்க்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது. பில் எங்கே போகிறதோ, கார்டை ஒத்துப்பார்ப்பதும் அந்த முகவரியோடுதான். டுவைட்டுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் வேலை என்ன என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை. காகிதம் என் கண்ணில் படாமலிருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான்.

அவன் எங்கே போய் வருகிறான் என்று மனம் தேடியது. அதிகமாகத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் பாலத்தைக் கடந்து பக்கத்து ஊரான சுப்பீரியருக்குப் போகிறான், என் அக்கா கொரீன் வீட்டு நிலவறையில் பலகை அடிக்க. "கணவன் இல்லாதவ, பாவம்" என்று நானே பிஸ்கட் டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு எண்ணை அப்படியே விட்டுவிட்டு அஞ்சல் எண்ணை மட்டும் மாற்றினேன். 54880, சுப்பீரியரின் எண்.

ஆர்டர் என் பார்வைக்கு என்று நின்றது. Z. அஞ்சல் எண் பொருந்துகிறது, வீட்டு எண் பொருந்தவில்லை.

சுப்பீரியரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு ஒருத்தி இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டினேன். முகம் தெரியாத யாராவது. அவளை வெறுப்பது சுலபமாக இருக்கும்.

பிறகு அக்காவின் வீட்டு எண்ணை அடித்தேன். 614.

Y. இரண்டும் பொருந்துகின்றன.

நன்றி, உங்கள் ஆர்டரை ஏற்றுக்கொண்டோம் என்றது திரை. தெருப் பெயரை யாரும் பார்ப்பதில்லை, 614 வேறு தெருக்களிலும் இருக்கும் என்று வாதாட ஒரு குரல் எனக்குள் எழுந்தது. வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வதுதான் அது. அதை முடிக்கவிடவில்லை நான்.

"என்னடி, வெளுத்துப்போயிட்ட?" என்றாள் பெவர்லி. "யாராவது திட்டினாங்களா?"

"இல்ல. ஒரு ஆர்டர் சரியாப் போயிடுச்சு."

போன் அடித்தது. டுவைட்.

"லெனோர், நம்ம கார்டை எவனோ திருடிட்டான்! உங்க கடையில, ஒரே தொகை, நாலு தடவை. போன்ல வரிசையா வந்திருக்கு. பேங்குக்குச் சொல்லி நிறுத்திடறேன்."

"திருடலை. நான்தான். உனக்கு வாளி வாங்கினேன்."

"நாலு வாளியா?"

"ஒண்ணுதான். மத்த மூணும் முகவரி பொருந்தலை."

அவன் வேலை செய்யும் இடத்து இயந்திரங்களின் சத்தம் கேட்டது. பொய்யாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"நாலாவது என்ன போட்ட?" என்றான் கடைசியில்.

"கொரீன் வீடு."

"சாயங்காலம் பேசலாமே."

"வீட்டைவிட்டு எப்ப போற?"

"லெனோர்..."

"எப்ப போறன்னு கேட்டேன்."

"இந்த மாசக் கடைசியில நன்றி நாள் குடும்ப விருந்து முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அந்த நிலவறை... கொஞ்ச நாளைக்கு எனக்குத்தான். வேற யாரும் இல்ல, சத்தியமா. எனக்கு முடியலை, அவ்வளவுதான்."

வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா அழைத்தாள். எவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டான்! எனக்குச் சொல்ல மூன்று மாதம் போதவில்லை.

"தப்பா எடுத்துக்காதடி. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. ஆகஸ்ட்ல வந்து குழந்தை மாதிரி அழுதான். இடம் கேட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அவன்தான் சொல்லணும்னு நினைச்சேன். நீ உடைஞ்சிபோயிருவ."

"ஆகஸ்ட்லேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்டு மேசையில உக்காந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டியே, கொரீன். இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டியே."

அவள் அழ ஆரம்பித்தாள். சிறுவயதிலிருந்து அவள் அழுதால் சமாதானம் சொல்வது நான்தான். வாய் அதற்குத் தயாரானது, எனக்கே தெரிந்தது. நாக்கைப் பல்லில் பிடித்துக்கொண்டேன். அவன் போவது ஒருநாள் பழகிவிடும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இவள் எல்லாம் தெரிந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழகாது. ஒவ்வொன்றாக எடுத்து, அவள் முகம் எப்படி இருந்தது என்று இனி பார்த்துக்கொண்டேயிருப்பேன்.

"விருந்துக்கு வரட்டுமா, வேணாமா?" என்றாள் விசும்பலுக்கு நடுவே.

"உன் வீட்டுலயே வைங்க. ரெண்டு பேருதானே."

திரையில் வாளி ஆர்டர் பச்சை நிறத்தில், அனுப்பத் தயாராக நின்றது. ரத்து செய்தேன். காரணம் என்ன என்று பெட்டி கேட்டது. பட்டியலில் இருந்த எதுவும் சரியாக இல்லை. 'வாடிக்கையாளரின் விருப்பம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

"மதியம் என்ன சாப்பிடற?" என்றாள் பெவர்லி.

"இன்னைக்கு உன் வீட்டுல படுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் தன் சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றத் தொடங்கினாள்.