ஆணியில் தொங்கிய டோக்கன்

இந்த அரவைப் பருவத்தின் முதல் சங்கு ஊதியதும் பக்கத்துப் படுக்கை அசைந்தது போலிருந்தது அவளுக்கு. 'சங்கு ஊதிடுச்சா?' என்று கேட்டுக்கொண்டே கணவர் எழும் நேரம். கையை நீட்டினாள். மடித்த போர்வைதான் இருந்தது.

சர்க்கரை ஆலையில் அவள் கணவர் பாகு காய்ச்சுபவர். அவள் மூட்டை தைப்பவள். கரும்பு தீர்ந்தால் இருவருக்கும் வேலை நின்றுவிடும். அடுத்த பருவத்துக்கு மூத்தவரிலிருந்து வரிசையாகக் கூப்பிடுவார்கள். அவர் இறந்தது ஆலை மூடியிருந்த இடைவெளியில். அதுதான் வினையானது.

"சீசனோட வேலை முடிஞ்சுதும்மா. வேலையில இருக்கும்போது இறந்தவங்க குடும்பத்துக்குத்தான் உதவி நிதி," என்று மேலாளர் கைவிரித்துவிட்டார். மகளின் படிப்பு அந்த நிதியை நம்பியிருந்தது.

பருவ முடிவில் அவரவர் பித்தளை டோக்கனை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். வேலையை விட்டவர் டோக்கன் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய்விடும். முதல் சங்கு ஊதிய அந்தக் காலை டைம் கீப்பர் பலகைமுன் நின்று, பழக்க வேகத்தில் எண்களைக் கூவினார்.

"முப்பத்தொண்ணு!"

அவள் கணவரின் எண் அது. யாரும் நகரவில்லை. 'வந்துட்டேன்யா, காது கிழியுது' என்று வழக்கமாக வரும் குரலுக்காக எல்லோரும் காத்திருந்தது போலிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

"வாய் தவறிடுச்சு," என்றார் டைம் கீப்பர்.

"வாய் தவறும் சரி, டோக்கன் எப்படிண்ணே தவறும்?" என்றார் சங்கச் செயலாளர், இன்னும் பலகையில் தொங்கிய முப்பத்தொன்றைக் காட்டி. "வேலை முடிஞ்சவருக்கு ஆணி எதுக்கு?"

மேலாளர் விறுவிறுவென்று வந்து டோக்கனைக் கழற்றப் போனார்.

"எடுங்க சார்," என்றாள் அவள். "எந்த நாள் வரைக்கும் அவரு உங்க ஆளா இருந்தாருன்னு எழுதிட்டு எடுங்க."

மேலாளர் கை அந்தரத்தில் நின்றது. "அடுத்த ஆள் வாங்கப்பா. முப்பத்திரண்டு!"

கணவரோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட சிநேகிதர் அந்த முப்பத்திரண்டு. இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "மூத்தவரு கணக்கு தீராம நான் எப்படி சார் வர்றது? நாளைக்கு நான் ரெண்டு சீசனுக்கு நடுவுல செத்தா என் வீட்டுக்காரியும் இங்கதானே வந்து நிக்கணும்?"

அவருக்குப் பின்னாலும் யாரும் அசையவில்லை. கொதிகலன் சூடேறிவிட்டது. வெளியே கரும்பு வண்டிகள் ஹாரன் அடித்தன. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு டைம் கீப்பரின் பேனாவையும் பதிவேட்டையும் வாங்கினார். இறந்த நாள்வரை பணித்தொடர்ச்சி உண்டு, நிதிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செயலாளர் அதைப் படித்துத் தலையசைத்த பிறகுதான் டோக்கன் இறங்கியது. முப்பத்திரண்டும் முன்னே வந்தார்.

இரண்டு நாள் கழித்து முதல் மூட்டை அவளிடம் வந்தது. தைப்பதற்காக அதை மார்போடு அணைத்துப் பிடித்தாள். சர்க்கரை இன்னும் சூடாகவே இருந்தது. யாரோ புதியவன் காய்ச்சியது என்று தெரியும். இருந்தும் ஊசியைக் கோக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, தூக்கமா?" என்றாள் பக்கத்தில் தைப்பவள்.

"இல்லடி. சங்கு ஊதிடுச்சான்னு கேட்டாரு."