போட்டிக்காரர் போன பிறகு

எதிர்த் தெருப் பட்டறைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு இயந்திரங்களை விற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷப் பகை! இரண்டு பேரும் செய்தது ஒரே பொருள்தான், டியூப் லைட்டுக்கான சோக். இரும்புத் தகடுகளின் நடுவே செம்புக் கம்பியைச் சுற்றிப் பெட்டியில் அடைத்தால் சோக். அது இல்லாமல் பழைய டியூப் லைட் எரியாது. இருந்தால் கொஞ்சம் முனகும், கொஞ்சம் சூடாகும், அதற்கும் சேர்த்துக் கரண்டைத் தின்னும்.

"அவன் வாடிக்கை மொத்தமும் இனி நம்ம வாசலுக்குத்தான் வரணும்" என்றார் மனைவியிடம்.

"அவரு ஏன் விக்கிறாருன்னு கேட்டீங்களா?"

"வயசாச்சு, முடியல."

"உங்களைவிட சின்னவருங்க அவரு."

முதலாளி காதில் அது விழவில்லை. வீட்டை அடமானம் வைத்து, எதிரியின் கம்பி சுற்றும் இயந்திரங்களையும் மிச்சமிருந்த கம்பியையும் ஒரே மூச்சில் வாங்கிப் போட்டார். எதிரி கையைக் குலுக்கி, "இனிமே நிம்மதியா தூங்குவேன்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது சுதாரித்திருக்க வேண்டாமா? ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்!

எதிரியின் வாடிக்கை வரவில்லை. சொந்த வாடிக்கையும் ஒவ்வொன்றாய்க் கழன்றது. எலெக்ட்ரிக்கல் கடைகளில் எல்.ஈ.டி. குழல்கள் வந்து குவிந்தன. சோக் வேண்டாம், ஸ்டார்ட்டர் வேண்டாம், கரண்டும் பாதிக்கும் குறைவு. கடைக்காரர்கள் பிரிக்காத சோக் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி விலையைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். விலைதான் இறங்கியதே தவிர, பெட்டி நகரவில்லை. தேவையே இல்லாத பொருளைச் சும்மா கொடுத்தாலும் யார் வாங்குவார்கள்?

"புது மோகம். கொஞ்ச நாள்ல அடங்கிடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது அடங்கும்வரை, பட்டறையில் கம்பி சுற்றும் பெண்கள் பாதிச் சம்பளத்துக்கு வந்தால் பட்டறையை ஓட்டிவிடலாம், வீடும் தப்பிக்கும் என்று ஒரு கணக்கு. அவர்களில் மூத்தவளான பெரியக்கா சரியென்றால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதனால் ஒரு மாலை, பழங்கள் வாங்கிக்கொண்டு பெரியக்காவின் வீட்டுக்கே போனார்.

இரண்டே அறை. இரண்டிலும் பளிச்சென்று வெளிச்சம். உள்ளறையில் சின்ன மகள் படித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பெரிய மகள் தையல் இயந்திரத்தில் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூலால் மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். எல்.ஈ.டி.

பெரியக்காவின் முகம் செத்துவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க முதலாளி. முன்னாடி ஒரு லைட்டுதான் போடுவோம், உள் ரூமு எப்பவும் இருட்டுதான். இப்ப ரெண்டையும் போட்டும் பில்லு பாதியா வருது. இவ பொழுது போனப்புறமும் தைக்கிறா."

"இதுல தப்பு என்னம்மா இருக்கு" என்றார் முதலாளி. மனதாரத்தான் சொன்னார். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தான் செய்த சோக்கை, அதைச் சுற்றிய கையே கழற்றிப் போட்டிருக்கிறது. அந்தக் கை செய்தது சரி. மோகமாவது, அடங்குவதாவது! இந்த வீட்டில் திரும்பவும் யார் இருட்டை வைப்பார்கள்?

பாதிச் சம்பளம் பேச வந்தவர், "பட்டறையை மூடலாம்னு இருக்கேன்மா" என்றார். அந்த முடிவை அவரே அப்போதுதான் கேட்டார்.

பெரியக்கா அதிரவில்லை. "தெரியும் முதலாளி. தெரிஞ்சுதான் எல்.ஈ.டி. கம்பெனிக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் சின்னப் பிள்ளைங்களா எடுக்கறாங்க. என் வயசைக் கேட்டதும் உள்ளயே விடல." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இத்தனை வருஷமா தொழில்ல இருக்கறவரு. உங்களுக்கு அங்க ஆளுங்களைத் தெரிஞ்சிருக்கும். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

போன வாரம்தான் முதலாளி அதே கம்பெனிக்குப் போயிருந்தார். ஏதாவது உதிரிப் பாகமாவது செய்து தருகிறேன் என்று கேட்கப் போனவரை, வாசல் கேட்டிலேயே காவலாளி பேர், ஊர் விசாரித்து, உள்ளே போன் போட்டு, "அப்படி எதுவும் தேவையில்லையாம் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தையல் இயந்திரம் நின்றது. பெரிய மகளும் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவ்வளவு வெளிச்சத்தில் முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

"சொல்றேன்மா" என்றார் முதலாளி. "நாளைக்கே சொல்றேன்."

பெரியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.